ஊசல் பணித்தாள்: மூன்று பிள்ளைகளுக்கு ‘கனமானது மெதுவாக ஆடும்’ என்று வந்திருக்கிறது, தவறு எங்கே?

வெண்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 11 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்க ஓர் அறிவியல் பணித்தாள் எழுதிக் கொடுத்தேன். நெருப்பும் ரசாயனமும் கண்ணாடியும் இல்லாமல், பெரியவர் ஒருவர் அடுத்த அறையில் இருந்தாலே போதும் என்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் ஊசலைத் தேர்ந்தெடுத்தேன். தாளை அப்படியே கீழே தருகிறேன்.

கேள்வி: ஊசலின் முனையில் எடையைக் கூட்டினால், அது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் மாறுமா?

கருதுகோள்: எடையைக் கூட்டினால் நேரம் ________. ஏனென்றால் ________.

தேவையானவை: நூல், ஒரே அளவுள்ள மூன்று இரும்பு நட்டுகள், பென்சில், ஒட்டும் டேப், அளவுகோல், நொடி பார்க்க ஸ்டாப்வாட்ச்.

செய்முறை:
1. பென்சிலில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அதை மேசை விளிம்பில் டேப் போட்டு ஒட்டு.
2. நூலைப் பென்சிலில் கட்டித் தொங்கவிடு. பென்சிலிலிருந்து 30 செ.மீ. கீழே ஒரு நட்டைக் கட்டு.
3. நட்டை ஒரு பக்கமாக இழுத்து விடு. 10 முறை போய்வர ஆகும் நேரத்தைக் குறி. மூன்று தடவை செய்.
4. இன்னும் இரண்டு நட்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதையே திரும்பச் செய்.

சிந்தனைக் கேள்விகள்: உன் கருதுகோள் சரியா, தவறா? எடைக்கும் நேரத்துக்கும் என்ன தொடர்பு? இந்தச் சோதனையில் என்ன கற்றுக்கொண்டாய்?

எடையால் நேரம் மாறாது என்பது விடை. பெரும்பாலான பிள்ளைகள் ‘கனமாக இருந்தால் வேகமாக ஆடும்’ என்று கருதுகோள் எழுதுவார்கள், அது பொய்த்துப்போவதைத் தங்கள் கையாலேயே பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மூன்று பேர் ‘கனமானால் மெதுவாக ஆடுகிறது’ என்று எழுதி வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் குழந்தையின் அட்டவணை இது:

ஒரு நட்டு: 11.0, 11.1, 10.9 வினாடி
மூன்று நட்டுகள்: 11.4, 11.5, 11.4 வினாடி

அவள் கவனமாகச் செய்கிற பிள்ளை. “நீ செய்தது தவறு” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “சரி” என்றும் சொல்ல முடியாது. இதில் என்ன நடந்திருக்கும்?

---

நூல்கண்டு

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் வரும் பிழைதான். கண் பார்த்துக் கை அழுத்தவே கால் வினாடி போய்விடும். தொடங்கும்போது ஒன்று, நிறுத்தும்போது ஒன்று. உங்களுக்கு வந்திருக்கும் வித்தியாசமும் 0.4 வினாடிதான். மூன்று தடவைக்குப் பதிலாகப் பத்துத் தடவை செய்யச் சொல்லிச் சராசரி எடுங்கள், சரியாகிவிடும்.

தாளில் ஓர் ஓரமாக இதையும் போட்டுவிடுங்கள்: ஊசலின் நேரம் நூலின் நீளத்தை மட்டுமே பொறுத்தது. எடையும் ஒன்றும் செய்யாது, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதும் ஒன்றும் செய்யாது.

---

இருவருக்கு அம்மா

என் மூத்தவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 4. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பொங்க வைக்கிற எரிமலைதான் எல்லோரும் சொல்வது, அதற்கு இது பரவாயில்லை போலிருக்கிறது. ஆனால் ‘பாதுகாப்பானது’ என்று சொல்கிற தாளில் பாதுகாப்புக்கு ஒரு வரிகூட இல்லையே! நூலையும் நட்டையும் பார்த்ததும் எனக்குச் சின்னவன் ஞாபகம்தான் வந்தது. நட்டை வாயில் போட்டுக்கொள்வான். மேசையில் தொங்குகிற நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுப்பான்.

எடை வேண்டுமென்றால் நட்டுக்குப் பதிலாக மாவுருண்டை போன்ற மிருதுவான எதையாவது கட்டலாமா? பட்டாலும் வலிக்காது.

---

பழைய ஆய்வகம்

நான் பல வருடங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவன். வெண்பலகை, அந்தக் குழந்தையின் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல அட்டவணை அது.

நூல்கண்டு சொல்கிற கைப்பிழை உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பிழை இரண்டு பக்கமும் சிதறும். ஒரு தடவை கூட வரும், இன்னொரு தடவை குறைய வரும். இங்கே ஒரு நட்டுக்கு வந்த மூன்று எண்களும் 10.9-க்கும் 11.1-க்கும் நடுவே அடங்கிவிட்டன. அதாவது இந்தப் பிள்ளையின் கைப்பிழை ஏறக்குறைய 0.1 வினாடி. தொடங்கும்போது வருகிற தாமதமும் நிறுத்தும்போது வருகிற தாமதமும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு சிறியதாக இருக்கிறது. மூன்று நட்டுகளுக்கு வந்த எண்களோ 11.4-க்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. பத்துத் தடவை செய்தாலும் நூறு தடவை செய்தாலும் இது போகாது. சராசரி எடுத்தால் சிதறல்தான் குறையும், சாய்வு அப்படியே நிற்கும்.

அதனால் ஊசல் உண்மையிலேயே மெதுவாக ஆடியிருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: அவள் இரண்டாவது, மூன்றாவது நட்டுகளை எப்படிக் கட்டினாள்?

---

வெண்பலகை

இப்போதுதான் கேட்டேன். படம் அனுப்பினாள். முதல் நட்டுக்குக் கீழே நூலை நீட்டி இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது. பாசிமணி கோத்த மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. நட்டுக்கு நட்டு இரண்டரை செ.மீ. இருக்கும். மற்ற இருவரும் அப்படியே கட்டியிருக்கிறார்கள். சரியான விடை வந்தவர்கள் மூன்றையும் ஒரே முடிச்சில் கொத்தாகக் கட்டியிருக்கிறார்கள்.

---

பழைய ஆய்வகம்

அதேதான். உங்கள் தாளில் ‘சேர்த்துக் கட்டி’ என்றுதான் இருக்கிறது, எப்படிச் சேர்ப்பது என்று இல்லை. அவள் தாள் சொன்னபடிதான் செய்திருக்கிறாள்.

ஊசலின் நீளம் என்பது முதல் முடிச்சு வரை உள்ள தூரம் இல்லை. தொங்குகிற பாரத்தின் நடுப்பகுதி வரை உள்ள தூரம். ஒரு நட்டு மட்டும் இருந்தபோது அது 30 செ.மீ. மூன்று நட்டுகள் 30, 32.5, 35 என்று தொங்கும்போது பாரத்தின் நடு 32.5-க்கு இறங்கிவிடுகிறது. அவள் எடையைக் கூட்டியதாக நினைத்தாள். கூடவே நீளத்தையும் கூட்டிவிட்டாள். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு எடையின் மேல் பழியைப் போட்டிருக்கிறோம்.

எண்களைப் பாருங்கள், ஒத்துப்போகும். நீளம் 30-லிருந்து 32.5 ஆனால் சுமார் 8 சதவீதம் கூடுகிறது. நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு போகும். அதனால் சிறிய மாற்றங்களுக்கு நேரம் அதில் பாதியளவு, அதாவது 4 சதவீதம் கூடும். 11.0 வினாடியில் 4 சதவீதம் என்றால் 0.44. அவளுக்கு வந்த வித்தியாசம் 0.4 சொச்சம். ஒரு குழந்தை மேசை விளிம்பில் உட்கார்ந்து இவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறாள்!

ஆனால் இந்தக் கணக்கை அவளிடம் சொல்ல வேண்டாம். இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, ஒரே ஒரு நட்டை 32.5 செ.மீ.-ல் கட்டி ஆட்டட்டும். அதற்கும் 11.4 வந்தால் குற்றவாளி எடை இல்லை என்று தெரிந்துவிடும். இன்னொன்று, பேப்பர் கிளிப்பைக் கொக்கி மாதிரி வளைத்து நூல் நுனியில் கட்டி, மூன்று நட்டுகளையும் அந்த ஒரே கொக்கியில் மாட்டட்டும். நட்டின் நடு 30 செ.மீ.-ல் இருக்க வேண்டும்.

---

நூல்கண்டு

கட்டிய விதம் எனக்குத் தோன்றவே இல்லை. சாய்வு, சிதறல் என்று நீங்கள் பிரித்துச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்ன இரண்டாவது விஷயம் சரிதானே? எவ்வளவு இழுத்து விட்டாலும் நேரம் ஒன்றுதான். கலிலியோவே அதைத்தானே சொன்னார்?

---

பழைய ஆய்வகம்

கலிலியோ அப்படித்தான் நம்பினார். 1602-ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே, பெரிய வீச்சும் சிறிய வீச்சும் ஒரே நேரம் எடுக்கும் என்று வாதிடுகிறார். ஆனால் அது சிறிய வீச்சுக்குத்தான் ஏறக்குறையப் பொருந்தும். பிறகு 1656-ல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹைகன்ஸ், வீச்சு பெரிதானால் நேரம் கூடுகிறது என்பதைக் கண்டு அதைச் சரிசெய்யவே பெரும்பாடு பட்டார்.

வீட்டில் இது எவ்வளவு தெரியும் என்பதுதான் நமக்கு வேண்டியது. 30 செ.மீ. நூலில் நட்டைப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்து விட்டால் கோணம் 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதனால் கூடும் நேரம் ஒரு சதவீதம்கூட இல்லை. பத்து அலைவுக்கு 0.1 வினாடிக்கும் குறைவு, கைப்பிழையில் மறைந்துவிடும். அதே நூலை 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் 7 சதவீதம் கூடும். ஆட ஆட வீச்சு சுருங்குவதால் முழு 7 வராது. 11.0-க்குப் பதிலாக 11.6, 11.7 என்று வரும். நல்ல ஸ்டாப்வாட்ச்சில் நன்றாகவே தெரியும்.

தாளில் ‘ஒரு பக்கமாக இழுத்து விடு’ என்று மட்டும் இருந்தால், ஒரு பிள்ளை முதல் தடவை மெல்ல இழுக்கும், கனமாக இருக்கிறதே என்று இரண்டாவது தடவை நன்றாக இழுக்கும். அங்கேயும் ‘கனமானது மெதுவு’ என்று வந்துவிடும். அதனால் ‘பக்கவாட்டில் 10 செ.மீ.’ என்று எண்ணோடு எழுதுங்கள். கோணமானி தேவையில்லை. நட்டுக்குப் பின்னால் தரையிலோ பெட்டியின் மேலோ அளவுகோலை வைத்தால் போதும்.

---

கடைசி பெஞ்ச்

நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எல்லோரும் தாளைச் சரிசெய்வதிலேயே இருக்கிறீர்கள். எனக்கு வேறு கருத்து. அந்தச் செய்முறையைத் திருத்தாதீர்கள், அப்படியே விடுங்கள்.

‘கொக்கியில் மாட்டு, 10 செ.மீ. இழு, நடுவிலிருந்து அள’ என்று எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்கிற மாதிரி செய்துவிட்டு ‘எடையால் மாறாது’ என்று எழுதுவாள். இப்போது அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பைப் பாருங்கள். அவளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வேறு வேறு விடை. இருவரும் கவனமாகவே செய்திருக்கிறார்கள். எங்கே வித்தியாசம் என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலைத் திருத்திய தாள் கொடுக்காது.

---

இருவருக்கு அம்மா

உங்கள் வகுப்பில் நீங்கள் இருப்பீர்கள் சார். வீட்டில் நான்தான் இருப்பேன். எனக்கு அந்த நீளக் கணக்கு தெரியாது. என் பெண் 11.4 என்று எழுதிக்கொண்டு வந்து “அம்மா, கனமானது மெதுவா ஆடுது” என்றால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் வருடக்கணக்கில் அதையே நம்பிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருக்கும் இருப்பதில்லை.

---

பழைய ஆய்வகம்

அம்மா சொல்வது நியாயம். கடைசி பெஞ்ச் சொல்வதிலும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. செய்முறையைத் தெளிவாக்கிவிட்டு, அந்தத் தேடலைச் சிந்தனைக் கேள்விகளுக்குள் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன்.

வெண்பலகை, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் தாளில் மிகப் பலவீனமான இடம் அந்த மூன்று கேள்விகள்தான். ‘என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்டால் ‘ஊசலைப் பற்றிக் கற்றுக்கொண்டேன்’ என்று பதில் வரும். சோதனையே செய்யாத பிள்ளையும் அதை எழுதிவிடலாம். ‘கருதுகோள் சரியா தவறா’ என்று கேட்டால், தவறு என்று எழுத யாருக்கும் பிடிக்காது. மேலே போய்க் கருதுகோளை அழித்துவிட்டு மாற்றி எழுதுவார்கள். நான் எத்தனையோ நோட்டுகளில் அந்த அழிப்பு ரப்பர் தடத்தைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் சொந்த அட்டவணையைத் திரும்பப் பார்க்காமல் பதில் எழுதவே முடியாத மாதிரி கேள்வி இருக்க வேண்டும். உதாரணமாக: ‘ஒரு நட்டுக்கு வந்த மூன்று நேரங்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் எவ்வளவு வித்தியாசம்? ஒரு நட்டுக்கும் மூன்று நட்டுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியதா?’ இந்த ஒரு கேள்வியிலேயே பிழை எது, மாற்றம் எது என்று பிரிக்கும் வேலை வந்துவிடுகிறது. சராசரி எல்லாம் அப்புறம்.

---

வெண்பலகை

கோபம் ஒன்றும் இல்லை ஐயா. நீங்கள் சொன்ன இரண்டு சோதனைகளையும் அவள் செய்துவிட்டாள். எண்கள் இதோ:

ஒரே நட்டு, 32.5 செ.மீ.: 11.4, 11.5, 11.4
மூன்று நட்டுகள், ஒரே கொக்கியில், 30 செ.மீ.: 11.0, 11.1, 11.0

முதல் வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு “அப்போ நான் நூலைத்தான் அளந்திருக்கேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பழைய அட்டவணையை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் ‘இங்கே நீளமும் மாறியது’ என்று எழுதிக்கொண்டாள்.

---

இருவருக்கு அம்மா

நேற்று நாங்களும் செய்தோம், கொக்கி போட்டு. மாவுருண்டையை முயற்சி செய்தேன், அது வழுக்கி வழுக்கி இறங்கியதால் விட்டுவிட்டேன். சின்னவன் தூங்கிய பிறகுதான் நட்டை எடுத்தோம்.

எங்களுக்கு முதலில் 9.9 வந்தது. அப்புறம் 11.0, மறுபடியும் 9.9. இது கைப்பிழையாக இருக்க முடியாது இல்லையா? ஆட்டம் தொடங்கியதும் பென்சில் லேசாக அசைந்தது, அதனாலா?

---

பழைய ஆய்வகம்

9.9 தன் காரணத்தைத் தானே சொல்கிறது அம்மா. ஓர் அலைவுக்கு 1.1 வினாடி. 11.0-லிருந்து சரியாக ஓர் அலைவு குறைந்திருக்கிறது. உங்கள் பெண் நட்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பாள். அப்படி எண்ணினால் ‘பத்து’ என்னும்போது ஒன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். விடும்போது ‘பூஜ்யம்’ என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். 5.5 என்று வந்தால், போனதை ஒன்றாகவும் வந்ததை ஒன்றாகவும் எண்ணியிருப்பாள்.

பென்சில் அசைவதையும் விடக்கூடாது. அதன் மேல் இரண்டு கனமான புத்தகங்களை வைத்து அழுத்துங்கள். பென்சில் அசைந்தால் ஊசல் நேர்கோட்டில் ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கும். முடிச்சும் மெல்ல நகரும். அதனால் கடைசித் தடவை முடிந்ததும் நூலை இன்னொரு முறை அளப்பது நல்லது. நீட்சி உள்ள நூல் என்றால் எடை கூடக் கூட அதுவும் இழுபடும். தையல் நூலை இரட்டையாக முறுக்கிக்கொண்டால் போதும்.

---

வெண்பலகை

எல்லோரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். மாறிய பகுதிகளை மட்டும் போடுகிறேன்.

கருதுகோள் (பேனாவில் எழுது, பிறகு மாற்றாதே): நட்டுகளை ஒன்றிலிருந்து மூன்றாக்கினால் பத்து அலைவுக்கான நேரம் கூடும் / குறையும் / மாறாது. நான் அப்படி நினைக்கக் காரணம்: ________

பாதுகாப்பு: ஊசலை மேசை விளிம்பில் மட்டும் கட்டு. மின்விசிறியிலோ கதவிலோ கட்டாதே, எதன் மேலும் ஏறி நிற்காதே. மூன்று நட்டுகளுக்கு மேல் வேண்டாம். ஆடும் பாதையில் முகமோ கண்ணாடிப் பொருளோ இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நட்டுகளை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வை. முடிந்த உடனே நூலை அவிழ்த்துவிடு, தொங்கவிட்டுப் போகாதே.

செய்முறை:
1. பென்சிலை மேசை விளிம்பில் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை வை.
2. நூலின் நுனியில் பேப்பர் கிளிப் கொக்கியைக் கட்டி ஒரு நட்டை மாட்டு. பென்சிலிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 30 செ.மீ. இருக்கட்டும்.
3. நட்டைப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்து, தள்ளாமல் விடு. விடும்போது ‘பூஜ்யம்’. போய்த் திரும்பி வந்தால் ‘ஒன்று’. ‘பத்து’ வரை நேரம் குறி. மூன்று தடவை.
4. அதே கொக்கியில் மூன்று நட்டுகளையும் மாட்டு. 30 செ.மீ.-ஐத் திரும்ப அளந்து சரிசெய். மறுபடி மூன்று தடவை.
5. நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக 2.5 செ.மீ. இடைவெளியில் தொங்கவிட்டு மூன்று தடவை.

சிந்தனைக் கேள்விகள்:
ஒரே அமைப்பில் உனக்கு வந்த மூன்று நேரங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன? 3-ஆம் படிக்கும் 4-ஆம் படிக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியதா?
4-லும் 5-லும் எடை ஒன்றுதான். நேரம் ஒன்றா? இல்லையென்றால் வேறு என்ன மாறியிருக்கிறது? அதைச் சோதிக்க, ஒரே ஒரு நட்டை வைத்து என்ன செய்வாய்? செய்து பார்த்து எண்ணை எழுது.
உன் கருதுகோளுக்கு நீ எழுதிய காரணத்தைத் திரும்பப் படி. உன் அட்டவணையில் எந்த எண் அதோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை?

5-ஆவது படி கடைசி பெஞ்ச் சாருக்காகச் சேர்த்தது.

---

கடைசி பெஞ்ச்

நன்றி. ஆனால் நான் கேட்டது இது இல்லை. நீங்களே ‘ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடு’ என்று சொன்னவுடன் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், இதில் ஏதோ இருக்கிறது என்று. தானாகத் தடுக்கி விழுவதும், இங்கே குழி இருக்கிறது என்று காட்டி இறங்கச் சொல்வதும் ஒன்றாகாது. என் வகுப்பில் பழைய தாளைத்தான் கொடுக்கப் போகிறேன், இரண்டு குழுக்களாக. வீட்டுக்கு என்றால் உங்கள் புதிய தாள் சரி.

கேள்விகளில் இரண்டாவது நன்றாக இருக்கிறது. ‘வேறு என்ன மாறியிருக்கிறது’ என்பதற்குப் பிறகு இரண்டு வரி வெற்றிடம் போதாது, அரைப் பக்கம் விடுங்கள். படம் வரைந்துதான் பல பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்.

---

நூல்கண்டு

எனக்கு ஒரு சந்தேகம். காற்றின் தடையை யாரும் சொல்லவே இல்லையே. கசக்கிய காகித உருண்டையைக் கட்டினால் நிச்சயம் மெதுவாகத்தானே ஆடும்? அப்போது ‘லேசானது மெதுவு’ என்று வந்துவிடாதா?

---

பழைய ஆய்வகம்

வீட்டிலேயே பார்த்துவிடலாமே. காகித உருண்டை சீக்கிரம் நின்றுவிடும். பத்து அலைவுக்குள் வீச்சு வெகுவாகச் சுருங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு அலைவும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். சீக்கிரம் ஓய்வதையும் மெதுவாக ஆடுவதையும் நாம் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். உருண்டையின் நடுவிலிருந்து 30 செ.மீ. அளக்க மறக்காதீர்கள். உருண்டை பெரியதாக இருந்தால் அங்கேயே அரை செ.மீ. தவறிப்போகும்.

---

இருவருக்கு அம்மா

‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்கியதும் 9.9 வரவே இல்லை. நன்றி ஐயா.

என் பெண் தாளில் இல்லாத ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். எடையால் மாறாது, நீளத்தால்தான் மாறும் என்று தெரிந்ததும், நீளத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்பாகும் என்று கருதுகோள் எழுதினாள். இழுக்கும் தூரத்தை நூலின் நீளத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொண்டாள். 20 செ.மீ.-க்கு 9.0 வந்தது. 40-க்கு 18 வரும் என்று எழுதி வைத்தாள். 12.7 வந்தது. மூன்று தடவையும் அப்படித்தான். 60-க்கு 15.5. உயரமான மேசைக்கு மாற்றி 80 செ.மீ. கட்டியபோதுதான் 18.0 வந்தது.

“ரெண்டு மடங்குக்கு நாலு மடங்கு நூல் வேணுமா, ஏன்?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

---

பழைய ஆய்வகம்

வர்க்கமூலத்தை இன்னும் சொல்லாதீர்கள். நாலு புள்ளிகளையும் கட்டம் போட்ட தாளில் குறிக்கச் சொல்லுங்கள், நீளம் கீழே, நேரம் பக்கத்தில். கோடு வளைவதை அவளே பார்க்கட்டும். அதை வைத்து 5 செ.மீ.-க்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். 20-ல் கால் பங்கு 5, அப்படியானால் 9.0-ல் பாதி 4.5 என்று அவளுக்கே தோன்றலாம்.

---

இருவருக்கு அம்மா

4.5 என்றுதான் எழுதினாள். செய்தபோது 4.8, 4.8, 4.7 வந்தது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. இப்போது அளவுகோலை வைத்துக்கொண்டு, நட்டின் நடு எது, கொக்கியையும் சேர்த்து அளக்க வேண்டுமா என்று தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.